முந்நூறு ரூபாய்க்கு ஆயிரத்து எண்ணூறு

மளிகை, பால், மின்கட்டணம், மருந்து என்று மாதம் 30,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் ரிவார்டு என்றால் மாதம் 300 ரூபாய். பில்லைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டும்வரை இது நிஜமான லாபம். டெபிட் கார்டில் பெரும்பாலும் இந்த அளவு கிடைக்காது. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் அதற்கான வரியும் போனால்கூட மிச்சம்தான்.

ஒரு மாதம் பள்ளிக் கட்டணம் வந்து கையைக் கடிக்கிறது. பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்தம் 30,000, குறைந்தபட்சம் 1,500. சின்னதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தாமதக் கட்டணம் இல்லை, வங்கியிலிருந்து போனும் வராது. ஆனால் மீதி 28,500-க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 998 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,177. இதைக் கெடு தேதியிலிருந்து கணக்கிடுவதில்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடுவார்கள் என்பதால் முதல் முறை இன்னும் கூடும்.

இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்தது அவ்வளவாகத் தெரியாது. பழைய பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே நின்றுவிடும். இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகளே வங்கிகளுக்குச் சொல்கின்றன. வங்கிகளும் பொடி எழுத்தில் சொல்லத்தான் செய்கின்றன. ஆக, அடுத்த மாதம் முதல் தேதி வாங்கும் அரிசி மூட்டைக்கு அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அந்த மாதச் செலவும் 30,000 என்று வையுங்கள். நாள்தோறும் பரவலாகச் செலவானால் சராசரியாகப் பதினைந்து நாள் வட்டி, வரியோடு சுமார் 620 ரூபாய். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 1,800. ஆறு மாத ரிவார்டு ஒரே மாதத்தில் போயிற்று. பாக்கி ஆயிரம் ரூபாய் மட்டும்தான் என்றாலும் சலுகை நிற்பது நிற்பதுதான்.

மாட்டிக்கொண்டால் ரொக்கம் எடுத்துச் சமாளிக்கலாம் என்று கிரெடிட் கார்டோடு ஏ.டி.எம்.முக்குப் போகாதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் வீட்டுச் செலவை டெபிட் கார்டுக்கு மாற்றி, பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். அடைத்த பிறகும் அடுத்த பில்லில் கொஞ்சம் வட்டி வரும். இடைப்பட்ட நாட்களுக்கானது அது. அதையும் கட்டினால்தான் கணக்கு தீரும்.

கெடு தேதியன்று பில் தொகை முழுதும் சேமிப்புக் கணக்கில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வீட்டுக்கு டெபிட் கார்டே சரி. கிரெடிட் கார்டுதான் என்றால், இன்றே வங்கிச் செயலியைத் திறந்து, தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் Minimum Amount Due என்று இருக்கிறதா, Total Amount Due என்று இருக்கிறதா என்று பாருங்கள்.