கியூ.ஆர். வரவும் விற்பனைப் பதிவும்: மாலைக் கணக்கை ஒப்பிடும் முறை

ஊர்காவற்றுறைச் சந்தையிலும் இறங்குதுறைப் பக்கத்திலும் உள்ள சிறு கடைகளின் மேசைகளில், கட்டங்கள் நிறைந்த சதுரப் படமொன்று ஒட்டப்பட்டிருப்பதை இப்போது காணலாம். வாங்குபவர் தமது கைத்தொலைபேசியால் அதனை ஸ்கான் செய்து, தொகையைத் தட்டி, தமது வங்கிக் கணக்கிலிருந்து கடைக்காரரின் கணக்கிற்குப் பணத்தை அனுப்புகிறார். இலங்கை மத்திய வங்கி 2018 ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய நியமம் ஒன்றை வகுத்தது. 'லங்கா கியூ.ஆர்.' என்ற பெயரில் அது வழங்குகிறது. எந்த வங்கியின் குறியீடு கடையில் இருந்தாலும், இதில் இணைந்த வேறு வங்கியின் வாடிக்கையாளரும் அதற்குப் பணம் செலுத்தலாம் என்பதே இதன் பயன்.

பணம் வாங்குவது இலகுவாகிவிட்டது. ஆனால் மாலையில் கொப்பியைத் திறந்தால் பல கடைகளில் சிக்கல் எழுகிறது. விற்பனைப் பதிவேட்டில் 'கியூ.ஆர்.' என்று எழுதிய தொகை ஒன்று. கைத்தொலைபேசி காட்டும் தொகை வேறொன்று. மறுநாள் வங்கிக் கணக்கில் விழும் தொகை மூன்றாவது ஒன்று. இம்மூன்றும் ஒத்துவராதபோது சிலர் வங்கியைச் சந்தேகிக்கின்றனர்; சிலர் கடையில் நின்ற பிள்ளையைச் சந்தேகிக்கின்றனர்; பலர் ஒப்பிடுவதையே கைவிட்டுவிடுகின்றனர். உண்மையில் இவ்வேறுபாடுகளிற் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருவன. வந்த பணமெல்லாம் விற்பனை அல்ல. விற்ற பொருளின் பணமெல்லாம் அன்றே வருவதும் இல்லை. இதனை மனதில் வைத்து ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் கணக்கை முடிக்கலாம்.

பகலிற் செய்ய வேண்டியது

மாலையில் ஒப்பிடுவதற்கான வேலை பகலிலேயே தொடங்குகிறது. பதிவேட்டில் பொருள், தொகை ஆகிய நிரல்களுடன் மேலும் இரண்டு நிரல்கள் வேண்டும். ஒன்றில் காசு, கடன், கியூ.ஆர். என்பவற்றில் எது என்று எழுத வேண்டும். மற்றையதில், கியூ.ஆர். ஆனால், நேரத்தையும் கடைக்காரரின் கைத்தொலைபேசியில் வரும் கொடுப்பனவு இலக்கத்தின் கடைசி நான்கு எண்களையும் எழுத வேண்டும். வாங்குபவரின் திரையில் தெரியும் இலக்கத்தை எழுதுவது போதாது. இரு வங்கிகளும் ஒரே கொடுப்பனவுக்கு வெவ்வேறு இலக்கங்களைக் காட்டுவதுண்டு. எமக்கு உதவுவது எமது பக்கத்து இலக்கமே.

மேசையில் ஒட்டப்பட்ட குறியீட்டில் தொகை அடங்கியிருப்பதில்லை. வாங்குபவரே தொகையைத் தட்டுகிறார். ஆகையால் தவறு நேரும் இடமும் அதுவே. அவர் நீட்டும் திரையைப் பார்த்துத் தலையாட்டுவதை விட, எமது கைத்தொலைபேசிக்கு வந்த தொகையைப் பார்த்து எழுதுவதே முறை. தொடர்பு அலை மங்கி, செய்தி பிந்தினால், அந்த வரியின் ஓரத்தில் ஒரு சிறு வட்டம் இட்டு வைக்கலாம். மாலையில் முதலிற் தேட வேண்டியவை வட்டமிட்ட வரிகளே.

ஒரு நாளின் கணக்கு

உதாரணமாக ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்திற்காக நாம் அமைத்தவை. அன்று பதிவேட்டில் கியூ.ஆர். என்று குறித்த வரிகள் 11. அவற்றின் கூட்டுத்தொகை 18,240 ரூபா. கைத்தொலைபேசிச் செயலியின் அன்றைய பட்டியலிலும் 11 வரவுகள். ஆனால் கூட்டுத்தொகை 21,870 ரூபா. எண்ணிக்கை சரியாக இருப்பதால் எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு 3,630 ரூபா எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதும் பயன் தராது. வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

பதிவேட்டின் முதல் வரியை எடுத்து, அதே இலக்கமும் அதே தொகையும் உள்ள வரவைப் பட்டியலிற் கண்டு, இரண்டிலும் சரி அடையாளம் இடுகிறோம். இவ்வாறு செய்தபோது எட்டு வரிகள் ஒத்துப்போயின. பதிவேட்டில் மூன்று வரிகளும் பட்டியலில் மூன்று வரவுகளும் அடையாளமின்றி எஞ்சின. இனி இந்த ஆறையும் பார்த்தாற் போதும்.

முதலாவது, பதிவேட்டில் 1,640 ரூபா என்றிருந்த விற்பனை. அதே இலக்கத்துடன் பட்டியலில் இருந்தது 1,460 ரூபா. வாங்குபவர் எண்களை இடம்மாற்றித் தட்டிவிட்டார். வேறுபாடு 180 ரூபா. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டு இடம்மாறினால் வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 180 ஐ ஒன்பதால் வகுத்தால் 20. ஆகவே ஒன்பதால் வகுபடும் வேறுபாட்டைக் கண்டால், இடம்மாறிய எண்களை முதலில் தேடலாம். எழுதியவர் கடையில் நின்றவரானால் பதிவேட்டைத் திருத்துகிறோம். தட்டியவர் வாங்குபவரானால் 180 ரூபாவை அவர் பெயரிற் கடன் கொப்பியில் எழுதுகிறோம். பொருளின் விலையை வைத்து எது சரியென அறியலாம். இங்கே பொருளின் விலை 1,640 தான்.

இரண்டாவது, பதிவேட்டில் 500 ரூபா. பட்டியலில் 2,000 ரூபா. இது தவறு அல்ல. தீவகத்தில் காசு எடுக்கும் இயந்திரத்தைத் தேடிச் செல்வது எல்லோருக்கும் இலகுவல்ல என்பதால், 500 ரூபாவுக்குச் சாமான் வாங்கியவர் 2,000 ரூபாவை அனுப்பி, மிகுதி 1,500 ரூபாவைக் காசாகப் பெற்றுச் சென்றிருக்கிறார். இதனை எழுதாமல் விட்டால் இரண்டு இடங்களிற் குழப்பம் வரும். கியூ.ஆர். தொகை கூடித் தெரியும். மேசை லாச்சியில் காசு குறைந்து தெரியும். காலையில் லாச்சியில் 5,000 ரூபா இருந்தது, காசு விற்பனை 41,300 ரூபா என்றால், மாலையில் 46,300 ரூபாவை எதிர்பார்த்து, 44,800 ரூபாவைக் கண்டு திகைக்க நேரும். 1,500 ரூபா களவு போகவில்லை. வங்கிக்கு இடம் மாறியிருக்கிறது. காசு கொடுத்த உடனேயே 'காசு மாற்றியது' என்று தனி வரியில் எழுதுவதே இதற்கு வழி. குறியீட்டைத் தந்த நிறுவனத்தின் உடன்படிக்கை இவ்வாறு காசு கொடுப்பதை அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

மூன்றாவது, பட்டியலில் 3,000 ரூபா வந்திருக்கிறது. பதிவேட்டில் ஒன்றுமே இல்லை. அனுப்பியவரின் பெயரும் அறிமுகமற்றது. கடன் கொப்பியைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. தாயாரின் பழைய கடனைக் கொழும்பிலுள்ள மகன் குறியீட்டின் படத்தைப் பெற்று அடைத்திருக்கிறார். அச்சாமான்கள் விற்ற நாளிலேயே விற்பனையாகப் பதியப்பட்டுவிட்டன. இன்றும் விற்பனையென எழுதினால் ஒரே அரிசியை இரு முறை விற்றதாகிவிடும். கடன் கொப்பியில் மட்டும் 3,000 ரூபாவைக் கழிக்க வேண்டும்.

நான்காவதே கவனமாகப் பார்க்க வேண்டியது. பதிவேட்டில் 690 ரூபா, பக்கத்தில் வட்டம். வாங்குபவர் தமது திரையின் படத்தைக் காட்டிச் சென்றிருக்கிறார். பட்டியலில் அத்தொகை இல்லை. அவர் குறியீட்டைப் பாவிக்காமல் கணக்கிலக்கத்திற்கு நேரே அனுப்பியிருந்தால், அது செயலியின் பட்டியலில் வராமல் வங்கிக் கணக்கில் வந்திருக்கலாம். ஆகவே வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையெனில் பணம் வரவில்லை. வங்கி இடையில் நிறுத்தியதாலும் இருக்கலாம். பழைய நாளின் படமாகவோ மாற்றப்பட்ட படமாகவோ இருக்கலாம். படத்தில் திகதியும் நேரமும் பெறுபவரின் பெயரும் உண்டு. முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டாமல், அவரது கணக்கில் பணம் கழிந்ததா, திரும்பிவிட்டதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்பதே முறை. அதுவரை 690 ரூபா கடன் கொப்பியில் நிற்கும்.

இப்போது கணக்கு இவ்வாறு அமைகிறது:

பதிவேட்டின்படி கியூ.ஆர். விற்பனை – 18,240
கூட்டுக: பழைய கடன் வரவு – 3,000
கூட்டுக: காசு மாற்றியது – 1,500
கழிக்க: குறைவாகத் தட்டியது – 180
கழிக்க: வந்து சேராதது – 690
செயலிப் பட்டியலின்படி வரவு – 21,870

கடைசி வரி பட்டியலுடன் ஒத்துவந்தால் முதற்படி முடிந்தது. ஒரு ரூபா வேறுபட்டாலும், எஞ்சிய வரி ஒன்றை நாம் கவனிக்கவில்லை என்பதே பொருள்.

வங்கியில் விழும் தொகை

சில ஏற்பாடுகளில் ஒவ்வொரு வரவும் உடனேயே கணக்கில் சேரும். வேறு சிலவற்றில் நாளின் வரவுகள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, கட்டணம் கழிக்கப்பட்டு, ஒரே தொகையாக வரும். இரண்டாவது முறையில் இன்னொரு படி உண்டு. கட்டணமும் நாள் முடியும் நேரமும் உடன்படிக்கைக்கு உடன்படிக்கை மாறும். எமது உதாரணத்தில் கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபா, நாள் முடிவது மாலை 6 மணி என்று கொள்வோம்.

அன்றைய 21,870 ரூபாவில் ஆறு மணிக்குப் பின் வந்தவை 1,870 ரூபா. அவை அடுத்த நாட்கணக்கிற் சேரும். மிகுதி 20,000 ரூபா. முந்திய நாள் ஆறு மணிக்குப் பின் வந்த 1,000 ரூபாவையும் சேர்த்தால் 21,000 ரூபா. கட்டணம் 210 ரூபா கழிய, வங்கிக் கணக்கில் விழ வேண்டியது 20,790 ரூபா. வங்கிக் கூற்றில் இத்தொகையைக் கண்டால் இரண்டாம் படியும் முடிந்தது. பிந்திய 1,870 ரூபாவை மறுநாட் பக்கத்தின் தலையில் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் நாளை மாலை அதே தொகையைத் தேடி அலைய நேரும்.

கட்டணம் 210 ரூபாவை விற்பனையிற் கழித்து எழுதக் கூடாது. விற்பனை முழுத்தொகையிலேயே நிற்கட்டும்; கட்டணத்தைக் கடைச் செலவாக எழுதுவோம். மாத முடிவில் அச்செலவைக் கூட்டிப் பார்த்தால்தான், சிறிய இலாபத்திற்கு விற்கும் சீனி, மா போன்றவற்றில் அது எவ்வளவு எடுக்கிறது என்பது தெரியும்.

இந்தியாவில் பல சிறு கடைகளில், வந்த தொகையைக் குரலிற் சொல்லும் சிறு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்திருக்கிறார்கள். தவறாகத் தட்டிய 180 ரூபாவையும் வராத 690 ரூபாவையும் அது அப்போதே காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் 3,000 ரூபா பழைய கடன் என்பதும், 1,500 ரூபா காசாகக் கொடுத்தது என்பதும் அதற்குத் தெரியாது. அவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தவரே அறிவார்.