சொட்டுச் சொட்டாய் வியட்நாம் காபி

ஹனோய் காபிக் கடைகளில் கண்ணாடி டம்ளரின் தலைமேல் சின்ன உலோக வடிகட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயர் ஃபின். டம்ளரின் அடியில் இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே பசும்பால் அரிது. வெயிலில் கெடாத டின் பால் அந்த இடத்தைப் பிடித்தது. அங்கு பெரும்பாலும் விளையும் ரொபஸ்டாவின் கசப்புக்கு அந்தத் தித்திப்பு ஈடுகொடுக்கிறது.

ஃபின்னில் சுமார் 20 கிராம் தூளைப் போட்டு, துளைத்தட்டை லேசாக வைக்கிறார்கள். முதலில் கொஞ்சம் வெந்நீர். அரை நிமிடத்தில் தூள் ஊறியதும் மீதியை ஊற்றி மூடுகிறார்கள். டிகாக்ஷன் இறங்க நான்கைந்து நிமிடம் ஆகும்.

இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு அதிகம், காபி நீர்த்திருக்கும். சொட்டே விழாவிட்டால் தூள் மிக நைஸ், அல்லது தட்டை அழுத்திவிட்டார்கள்.

வடிந்ததை அடிவரை கலக்கி, ஐஸ் நிறைந்த டம்ளரில் ஊற்றினால் சைகோன்காரர்களுக்குப் பிடித்த குளிர்காபி தயார்.