சாரிசார்டா? உஷார் பாஸ்!

ஒரு நிமிஷம். உங்க வீட்டுச் சுவரில் தொங்குகிற சிவகாசி காலண்டர் பக்கத்தில் போய் நில்லுங்க. முருகன் கன்னம் என்ன கலர்? ரோஸ்தானே? இப்போ நல்ல லென்ஸ் ஒன்றை அந்தக் கன்னத்தின் மேல் வைத்துப் பாருங்க. ரோஸையே காணோம்! நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலே கலரில் புள்ளிகள், சின்னச் சின்னப் பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும். ஆஃப்செட் பிரஸ்ஸில் அச்சாகிற கலர் படம் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த ரகசியம் எனக்குத் தெரிய வந்ததற்கு நான் கொடுத்த ஃபீஸ், ரூ.8,000.

போக்கிமான் கார்டு பைத்தியம் நான். (20 வயசுல இன்னுமா என்று கேட்கிற கோஷ்டிக்கு: கிரிக்கெட் ட்ரம்ப் கார்டு சேர்த்ததை மறந்துட்டீங்களா?) அந்த உலகத்தில் ஒரு சூப்பர் ஸ்டார் உண்டு. 1999-ல் வந்த ஆங்கில பேஸ் செட்டில் 4/102 என்று நம்பர் போட்ட சாரிசார்ட். ஆரஞ்சு டிராகன், பளபள பேக்கிரவுண்ட். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருத்தர், "அவசரமா பணம் வேணும்ப்பா" என்று அதை ரூ.8,000-க்குக் கொடுத்தார். மார்க்கெட் விலையில் பாதிகூட இல்லை. அப்பவே மண்டையில் மணி அடித்திருக்கணும். அடிக்கலை. ப்ராஜெக்ட் கிட் வாங்க அம்மா கொடுத்த காசு அது.

காலேஜில் ஜூனியர் பையன் ஒருத்தன், "அண்ணா, பத்தாயிரம் தர்றேன். அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கிறேன்" என்றான். ரெண்டாயிரம் லாபம்! அந்த சந்தோஷத்தில் அபிராமபுரத்தில் எங்க ஃப்ளாட் மாடிப்படியில் உட்கார்ந்து கார்டை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டு அங்கிள் வந்தார். ஆஃப்செட் பிரஸ்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கார்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளே போய் மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்து வந்தார்.

"தம்பி, படத்தைப் பார்க்காதே. எழுத்தைப் பாரு" என்றார்.

மேட்டரே அந்த ஒரு வரியில்தான் இருக்கு. கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரிஜினல் கார்டு அச்சாகும்போது படம் நாலு கலர் பிளேட்டாகப் பிரியும். ஒவ்வொரு பிளேட்டிலும் புள்ளி வரிசைகள் வேறு வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். நீலம் 15 டிகிரி, கறுப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் 0 என்பது வழக்கமான கணக்கு. ஒரே கோணத்தில் வைத்தால் புள்ளி மேல் புள்ளி ஏறி, தேவையில்லாத கோடு கோடான டிசைன் வந்துவிடும். சாய்த்து வைப்பதால்தான் அந்தப் பூ வட்டம். நல்ல ஆர்ட் பேப்பர் அச்சில் ஒரு இன்ச்சுக்கு 175 வரிசை என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 0.145 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்கு சிக்காது.

ஆனால் கறுப்பு எழுத்துக்கு இந்தப் புள்ளி விவகாரமே கிடையாது. அது கறுப்பு பிளேட்டில் மட்டும், முழுக் கறுப்பாக அச்சாகும். லென்ஸில் பார்த்தால் பிளேடால் வெட்டிய மாதிரி ஓரம். உள்ளே கன்னங்கரேல்.

போலி அடிக்கிறவர்கிட்ட இந்த பிளேட்டுக்கான ஒரிஜினல் ஃபைல் கிடையாது. அவர்கிட்ட இருப்பது ஒரு கார்டு மட்டும். அதை ஸ்கேன் பண்ணுகிறார். ஸ்கேனருக்கு எழுத்து, படம் என்ற வித்தியாசம் தெரியாது. எல்லாமே அதுக்கு ஒரே படம்! திரும்ப அச்சடிக்கும்போது எழுத்தும் நாலு கலராகப் பிரிந்துவிடுகிறது. 'ஃபயர் ஸ்பின்' என்ற வார்த்தையின் ஓரத்தில் நீலப் பொடி, மெஜந்தாப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். படத்திலும் சிக்கல். ஏற்கெனவே புள்ளியாக இருப்பதன் மேல் புதுப் புள்ளி விழுவதால் அலை அலையாக வரும். அதை மறைக்க ஸ்கேனை லேசாக மங்கலாக்குவார்கள். அதனால்தான் போலி கார்டில் டிராகன் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். இங்க்ஜெட்டில் அடித்ததாக இருந்தால் இன்னும் சுலபம். பூ வட்டமே இருக்காது, மணல் தூவின மாதிரி கன்னாபின்னா புள்ளிகள்.

அங்கிளின் லென்ஸில் எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஆன்லைனில் 30 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். (நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸில் புள்ளி இருப்பது தெரியும், எழுத்தோர வித்தியாசம் பளிச்சென்று தெரியாது.) கூடவே, அதே பேஸ் செட்டில் வந்த சாதா கார்டு ஒன்றை நம்பிக்கையான நண்பனிடம் கடன் வாங்கினேன். இது ரொம்ப முக்கியம் பாஸ்! அச்சகம், வருஷம், மொழி மாறினால் ஒரிஜினல்களுக்குள்ளேயே பேப்பரும் கலரும் மாறும். அதே செட் கார்டு பக்கத்தில் இல்லாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது.

முதலில் டார்ச் டெஸ்ட். செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் வைக்கணும். ஒரிஜினல் கார்டு என்பது வெறும் அட்டை இல்லை. ரெண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே கருத்த படலம் ஒன்று சாண்ட்விச் மாதிரி இருக்கும். எதிராளிக்குக் கார்டு ஊடாகத் தெரியக் கூடாது என்பதற்காக. அதனால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. என் சாரிசார்டைப் பிடித்தேன். படத்து மேல வெளிச்சமே வரலை. "ஒரிஜினல்டா!" என்று குதித்தேன்.

குதித்தது தப்பு. சாரிசார்ட் படத்தில் மின்னுகிற ஃபாயில் இருக்கு. அந்த உலோகப் படலமே வெளிச்சத்தைத் தடுத்துவிடும், உள்ளே கறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மின்னுகிற கார்டுகளுக்கு டார்ச் டெஸ்ட்டை நம்பாதீங்க. மின்னாத கார்டுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

அடுத்து ஓரம். கார்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து, 0.3 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கிறதா என்று தோன்றும் அந்த விளிம்பை லென்ஸில் பார்த்தேன். நண்பனின் கார்டில் ரெண்டு வெள்ளைக்கு நடுவே பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருங்கோடு. என்னுடையதில்? சுத்த வெள்ளை. நாலு பக்கமும் பார்த்தேன், ஏன்னா பழைய கார்டில் ஓரம் தேய்ந்து நார் நாராகி கோடு மறைந்திருக்கலாம். நாலிலும் வெள்ளை. வயிறு கலங்க ஆரம்பித்தது. ஆனா இதிலும் ஒரு எச்சரிக்கை: இப்போ கருங்கோடு உள்ள அட்டையிலேயே போலி அடிக்கிறார்கள். கோடு இல்லை என்றால் சந்தேகம் உறுதி. கோடு இருக்கிறது என்பதால் மட்டும் கார்டு நல்லவன் ஆகிவிடாது.

கடைசியாக எழுத்து. நண்பனின் கார்டில் கன்னங்கரேல். என் சாரிசார்டில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் கலர்ப் பொடி. ரூ.8,000 புள்ளி புள்ளியாகக் கரைந்தது.

புள்ளியால் கவிழ்ந்தது நான் மட்டும் இல்லை. போக்கிமான் கார்டு முதலில் ஜப்பானில் 1996-ல் வெளியானது. அதற்கு முன்னால் செய்த மாதிரி கார்டுகள் என்று சொல்லி, 2024-ல் நிறைய கார்டுகள் மார்க்கெட்டுக்கு வந்தன. சி.ஜி.சி. என்கிற அமெரிக்க கம்பெனி பரிசோதித்து சான்று கொடுத்தது. பெரிய பெரிய விலைக்குப் போயின. 2025 ஆரம்பத்தில் சேகரிப்பாளர்கள் சிலர் அந்தக் கார்டுகளின் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மங்கலான மஞ்சள் புள்ளிகள் கண்ணில் பட்டன. இது பிரஸ் புள்ளி இல்லை. பல கலர் லேசர் பிரின்டர்கள் ஒவ்வொரு தாளிலும் ரகசியமாகப் போடுகிற முத்திரை. பிரின்டரின் சீரியல் நம்பர், அச்சடித்த தேதி எல்லாம் அதில் ஒளிந்திருக்கும். ஒரு மாடலில் அந்தக் குறியீட்டை அமெரிக்காவின் ஈ.எஃப்.எஃப். அமைப்பு 2005-லேயே உடைத்துக் காட்டியிருந்தது. மஞ்சள் என்பதால் வெள்ளைத் தாளில் தெரியாது, நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் துள்ளும். படித்துப் பார்த்தால்... சில கார்டுகளில் தேதி 2024!

"சரிப்பா, சீல் உடைக்காத பாக்கெட் வாங்கினா பிரச்னை இல்லையே?" என்கிறீர்களா? லோகன் பாலைக் கேளுங்க. 2021 டிசம்பரில் அந்த அமெரிக்க யூடியூபர், பேஸ் செட் முதல் பதிப்பின் சீல் உடையாத பெட்டிகள் என்று 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். நிபுணர்கள் அசல் என்று ஏற்கெனவே சொன்ன சரக்கு. 2022 ஜனவரியில் ஷிகாகோவில் கேமரா முன்னால் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ.ஜோ கார்டுகள். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பரிசோதித்தவர்கள் பிளாஸ்டிக்கைத்தான் பரிசோதித்திருக்கிறார்கள்!

பாக்கெட் சீலை எப்படிப் பார்ப்பது? பிஸ்கட் பாக்கெட்டை நினைச்சுக்கோங்க. முதுகில் நீளமாக ஒரு ஒட்டு, ரெண்டு முனையிலும் வரி வரியாக அழுத்தின ஒட்டு. கார்டு பாக்கெட்டும் அதே சூடு போட்டு ஒட்டுகிற வேலைதான். மெஷின் அழுத்தினால் வரிகள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஆழத்தில் ஓடும். யாராவது பிரித்து, நல்ல கார்டை உருவிவிட்டு, பசை போட்டு மூடியிருந்தால் ஓர் இடத்தில் வரி தட்டையாகியிருக்கும், சுருக்கம் விழுந்திருக்கும், பசை பளபளக்கும். முதுகு ஒட்டைத் தவற விடாதீங்க. நோண்டுகிறவர்களுக்குப் பிடித்த இடம் அதுதான்.

பொம்மை சேர்க்கிறவர்களுக்கும் இதே லென்ஸ் உதவும். ஒன் பீஸ், டிராகன் பால் பொம்மைகளின் பெட்டியில் டோயி அனிமேஷன் கம்பெனியின் மின்னும் ஸ்டிக்கர் இருக்கும். அசல் ஹாலோகிராமில் கலர் மாறுவது மையால் இல்லை, நுண்ணிய பள்ளங்களில் வெளிச்சம் சிதறுவதால். வானவில் மாதிரி இருக்கும் அந்தப் பகுதியில் லென்ஸை வைத்து நாலு கலர்ப் புள்ளிகள் தெரிந்தால், அது வெள்ளித்தாளில் அச்சடித்த வானவில். அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தது. கார்டைக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்றேன் பாஸ், மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், 'அவன்கிட்ட லென்ஸ் கிடையாதே' என்ற எண்ணம் கூடவே வந்தது. அவன் பத்தாயிரத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தான். நான் கார்டுக்கு பதில் லென்ஸை நீட்டினேன்.

பத்து நிமிஷம் பார்த்தான். ஒண்ணும் பேசலை. அப்புறம் பையைத் திறந்து தன்னோட ஆல்பத்தை எடுத்தான். ஸ்கூல் நாளிலிருந்து சேர்த்தது.

"இதையும் பாருங்கண்ணா."

முதல் கார்டில் எழுத்து கன்னங்கரேல் என்று இருந்தது. ரெண்டாவதும் ஓகே. மூணாவதைப் பார்த்துட்டு நான் லென்ஸை எடுக்கவே இல்லை, நிமிர்ந்தா அவன் முகத்தைப் பார்க்கணுமே!