சக்கரம் எங்கே நிற்கும்போது பாலம் அதிகம் திணறும்?

ஒரு பாலத்தின் மேல் 36 டன் நிற்கிறது. வண்டி இன்னும் கொஞ்சம் முன்னேறிய பிறகு 43 டன் நிற்கிறது. ஆனால் அதே பாலத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில், 43 டன் இருந்தபோது வந்த வெட்டு விசையைவிட 36 டன் இருந்தபோது வந்தது ஏறக்குறைய நான்கு மடங்கு. கேட்பதற்கு நம்ப முடியாததாக இருந்தாலும் இது கணக்குப்படி உண்மை. பாலத்தைப் பொறுத்தவரை எவ்வளவு பாரம் என்ற கேள்வியோடு அது எங்கே நிற்கிறது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதற்காகப் பொறியாளர்கள் வரையும் படத்துக்கு இன்ஃப்ளூயன்ஸ் லைன், அதாவது தாக்கக் கோடு என்று பெயர். 1860-களின் இறுதியில், ஐரோப்பாவில் ரயில் பாலங்கள் மளமளவென எழுந்துகொண்டிருந்த காலத்தில், எமில் விங்க்ளர் என்ற பேராசிரியர் இந்த முறையைக் கொண்டுவந்தார்.

வீட்டு மேசையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். சமையலறையில் மாவு நிறுக்கும் எடைக்கருவி ஒன்று போதும். அதன் நடுவில் ஒரு பென்சிலைக் கிடத்துங்கள். அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் இன்னொரு பென்சிலை வையுங்கள். இரண்டு பென்சில்களுக்கும் இடையே சரியாக 24 சென்டிமீட்டர் இருக்கட்டும். மேலே ஒரு மர ஸ்கேலைக் கிடத்தி, கருவியின் அளவைச் சுழியமாக்குங்கள். இப்போது 240 கிராம் எடையுள்ள ஒரு பொருளை எடைக்கருவிப் பக்கத்துப் பென்சிலுக்கு நேர் மேலே வைத்தால் கருவி 240 காட்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் 230, இன்னொரு சென்டிமீட்டர் தள்ளினால் 220 என்று குறையும். நடுவில் 120, மறுமுனையில் சுழியம். பொருள் நிற்கும் இடத்துக்கு நேராக அந்தந்த எண்ணைக் குறித்து, புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். எடையை ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்தக் கோடு ஒரு முனையில் 1, மறுமுனையில் 0. முனையில் உள்ள தாங்கி மேல்நோக்கித் தரும் எதிர்விசையின் தாக்கக் கோடு இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோடு பாலம் முழுவதும் ஒரே நேரத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுவதில்லை. பாரம் நகர்ந்துகொண்டே இருக்க, ஒரே ஓர் இடத்தில் ஏற்படும் ஒரே ஒரு விளைவு எப்படி மாறுகிறது என்பதை மட்டும்தான் காட்டுகிறது. கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பாரம் அசையாமல் நிற்கும்போது வரையும் ஷியர் படத்தையும் இதையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி வெட்டு விசை. பொறியாளர்கள் ஷியர் என்பார்கள். ஒரு கர்டரை ஓர் இடத்தில் செங்குத்தாக அறுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அறுத்த முகத்தில் ஒரு துண்டு மேலேறவும் மற்றது கீழிறங்கவும் முயலும். அப்படி நடக்கவிடாமல் கர்டர் தனக்குள் தாங்கும் விசைதான் ஷியர். இடது முனையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 12 மீட்டர் கர்டரில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். பாரம் அந்த இடத்துக்கு வலப்பக்கம் நின்றால், இடது துண்டின் மேல் இருப்பது இடது தாங்கியின் எதிர்விசை மட்டும். ஆகவே ஷியரும் அதே அளவுதான். பாரம் இடப்பக்கம் வந்துவிட்டால், வலது துண்டைத் தாங்குவது வலது தாங்கி மட்டும்தான். ஷியர் அந்த எதிர்விசையின் அளவுக்கு, எதிர்த் திசையில் இருக்கும். இதைக் கோடாக வரைந்தால் வலது முனையில் 0-வில் தொடங்கி, இடப்பக்கம் வர வர ஏறி, நாம் எடுத்துக்கொண்ட இடத்தில் 0.75-ஐத் தொடும். தொட்டவுடன் ஒரே தாவலில் மைனஸ் 0.25-க்கு விழும். அங்கிருந்து மெல்ல மேலேறி இடது முனையில் 0-வில் முடியும். தாவலின் உயரம் சரியாக 1. சக்கரம் அந்த இடத்தைத் தாண்டும் நொடியில், தன் முழு எடை அளவுக்கு அங்கே ஷியரைக் குறைத்துவிட்டுப் போகிறது.

இப்போது வண்டியை ஏற்றலாம். இந்தியாவில் சாலைப் பாலங்களுக்கான விதிகளை வகுப்பது 1934-இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். அதன் ஐஆர்சி 6 விதிநூலில் கிளாஸ் ஏ என்று ஒரு கற்பனை வாகனத் தொடர் இருக்கிறது. அதில் மொத்தம் எட்டு அச்சுகள். முன்னால் 2.7 டன் அச்சுகள் இரண்டு, அடுத்து 11.4 டன் அச்சுகள் இரண்டு, பின்னால் டிரெய்லரின் 6.8 டன் அச்சுகள் நான்கு. முன்னாலிருந்து பின்னாக அச்சுகளின் இடைவெளி 1.1, 3.2, 1.2, 4.3 மீட்டர், கடைசி மூன்று இடைவெளிகளும் 3 மீட்டர். கணக்கு எளிமையாக இருக்க, ஒரே கர்டர் இந்த வண்டியை முழுதாகத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி இடது முனை நோக்கி வருகிறது.

இடது தாங்கியில் எதிர்விசை உச்சத்தைத் தொடுவது எப்போது? முன் அச்சு தாங்கியின் மேல் வரும்போது என்று சிலர் அவசரமாகச் சொல்வார்கள். அந்த நிலையில் ஒவ்வொரு அச்சின் எடையையும் அதற்கு நேரான கோட்டின் உயரத்தால் பெருக்கிக் கூட்டினால் வருவது 19.9 டன். இலேசான இரண்டு முன் அச்சுகளையும் பாலத்தைவிட்டு இறக்கிவிட்டு, முதல் 11.4 டன் அச்சைத் தாங்கியின் மேல் நிறுத்திப் பாருங்கள். அந்த அச்சுக்கு நேராகக் கோட்டின் உயரம் 1. அது தருவது 11.4. இரண்டாவது கனத்த அச்சு 1.2 மீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கே உயரம் 0.9, அது தருவது 10.26. அதற்குப் பின்னால் பாலத்தின் மேல் இருக்கும் மூன்று டிரெய்லர் அச்சுகளும் சேர்ந்து 5.95. ஆக மொத்தம் 27.6 டன். இதுதான் உச்சம். வண்டியை எதிர்ப்புறமாகத் திருப்பி, பின்னாலிருந்து ஏற்றிப் பார்த்தாலும் 24.8 டன்னைத் தாண்டவில்லை. ஆனாலும் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். வேறு நீளப் பாலத்தில், வேறு வண்டியில் முடிவு மாறக்கூடும்.

ஷியருக்கு வருவோம். முதல் கனத்த அச்சு நம் 3 மீட்டர் இடத்துக்கு மயிரிழை வலப்பக்கம் நிற்கட்டும். அது தருவது 8.55, அடுத்த கனத்த அச்சு தருவது 7.41, பின்னால் இரண்டு டிரெய்லர் அச்சுகள் தருவது 2.27. மொத்தம் 18.23 டன். இலேசான முன் அச்சுகள் இரண்டும் இதற்குள் பாலத்தைவிட்டு இறங்கிவிட்டன. பாலத்தின் மேல் அப்போது இருக்கும் எடை 36.4 டன். சக்கரம் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்தால் போதும், 18.23-லிருந்து 11.4 கழிந்து 6.83 ஆகிவிடும். வண்டி இன்னும் முன்னேறி, அதே அச்சு இடது முனையை எட்டும்போது பாலத்தின் மேல் இருக்கும் எடை 43.2 டன்னாகக் கூடுகிறது. ஆனால் நம் இடத்தில் ஷியர் வெறும் 4.8 டன். தொடக்கத்தில் சொன்ன புதிர் இதுதான். 43.2 டன் இருந்தாலும் அதில் கனத்த அச்சு ஒன்று தாங்கியின் மேலேயே நிற்பதால் கணக்கில் வராது. இன்னொன்று இடப்பக்கம் நின்று ஷியரைக் குறைக்கிறது.

அடுத்த அச்சை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் கூடுமா, குறையுமா? இதைத் தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. வண்டி 1.2 மீட்டர் நகரும்போது பாலத்தின் மேலுள்ள ஒவ்வொரு டன்னுக்கும் கோட்டின் உயரம் 1.2-ஐ 12-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.1 ஏறுகிறது. 36.4 டன்னுக்கு லாபம் 3.64. ஆனால் தாண்டிப்போன அச்சால் நஷ்டம் 11.4. நஷ்டமே பெரியது. எனவே முந்தைய நிலைதான் உச்சம். புதிய அச்சு ஏதாவது பாலத்தில் ஏறினாலோ, இருந்தது இறங்கினாலோ மட்டும் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் கணிப்பில், இந்த லாப நஷ்டக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு இந்தப் பாடத்தில் கடினமானது எதுவும் மிச்சமில்லை.

கர்டரின் நடுப்பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்டரின் சொந்த எடையால் நட்டநடுவில் ஷியர் சுழியம். அதை மட்டும் பார்த்துவிட்டு, நடுவில் ரிங் கம்பிகளை மிகவும் தள்ளித் தள்ளிக் கட்டினால் ஆபத்து. நம் வண்டி நட்டநடுவில் 9.5 டன் ஷியரை உண்டாக்குகிறது. அதே வண்டி எதிர்த்திசையில் போனால் அதே 9.5 டன், ஆனால் தலைகீழ்க் குறியோடு. இரண்டையும் கர்டர் தாங்க வேண்டும். இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பழைய இரும்பு ரயில் பாலங்களைக் கவனியுங்கள். பலவற்றில் ஓரக் கட்டங்களில் ஒற்றைச் சாய்வுக் கம்பியும் நடுக் கட்டங்களில் பெருக்கல் குறிபோல இரட்டைச் சாய்வுக் கம்பிகளும் இருக்கும். ரயில் நகரும்போது நடுவில் ஷியர் திசை மாறுவதால்தான் அங்கே இரண்டாவது கம்பி.

இதுவரை பார்த்தது வண்டி ஆடாமல் அசையாமல் ஊர்ந்துபோனால் வரும் எண்கள். ஓடும் வண்டி குதிக்கும். கான்கிரீட் பாலங்களில் கிளாஸ் ஏ வண்டிக்கு அந்த அதிர்வை ஈடுகட்ட ஐஆர்சி ஒரு சூத்திரம் தருகிறது: 4.5-ஐ, பாலத்தின் நீளத்தோடு 6-ஐக் கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 12 மீட்டருக்கு அது 0.25. எனவே இடது தாங்கியின் 27.6 டன் 34.5 டன் ஆகிறது. இதற்கு மேல் பாலத்தின் சொந்த எடை இருக்கிறது. உண்மையான பாலத்தில் பல கர்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரிப்பது தனிக் கணக்கு. இடையில் தூண்கள் மேல் தொடர்ந்து செல்லும் கர்டர்களில் தாக்கக் கோடு நேராக இல்லாமல் வளைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஷியர் தாங்காத கான்கிரீட் கர்டர் அதைத் தாங்கிக்கு அருகில் சாய்வான விரிசலாகக் காட்டும். நடுவில் அடிப்பக்கம் தோன்றும் செங்குத்து விரிசல் வளைவால் வருவது. பாலங்களைச் சோதிப்பவர்கள் முனைகளில் குனிந்து தேடுவது அந்தச் சாய்வான கோட்டைத்தான்.

லாரி வைத்திருப்பவர்களுக்கும் பாரம் ஏற்றுபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நம் கணக்கில் தாங்கிக்கு வந்த 27.6 டன்னில் 21.66 டன் அருகருகே நின்ற இரண்டு அச்சுகளிலிருந்து மட்டுமே வந்தது. 2018-இல் மத்திய அரசு உயர்த்திய வரம்பின்படி, இப்படி அருகருகே அமைந்த இரட்டை அச்சு 21 டன் வரை சுமக்கலாம். வண்டியின் மொத்த எடை அனுமதிக்குள் இருந்தாலும், சரக்கைப் பின்பக்கமே குவித்தால் அந்த இரட்டை அச்சு வரம்பை மீறிவிடும். எடைமேடையில் மொத்த எடையோடு அச்சு எடையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சரக்கைப் பரப்பி ஏற்றுங்கள்.