கூகுள் படிக்கும் ஒரு வரி

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். இணையதளம் இருக்கிறது, பணம் செலுத்தும் வசதியும் இருக்கிறது. யாராவது கூகுளில் சுங்குடிச் சேலை தேடும்போது, படமும் விலையுமாக வரிசையாக வந்து நிற்கும் அந்தக் கட்டங்களில் தன் சேலையும் வர வேண்டும் என்று கடைக்காரர் விரும்புகிறார். அதற்கு அவர் தயாரிக்க வேண்டியது ஒரு பட்டியல். விற்பனைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதன் விவரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இதைத்தான் ‘புராடக்ட் ஃபீட்’ என்கிறார்கள். கூகுள் ஷீட்டிலும் எழுதலாம், எக்ஸ்எம்எல் கோப்பாகவும் தரலாம். கூகுளின் ‘மெர்ச்சன்ட் சென்டர்’ கணக்கில் இதைச் சேர்க்க வேண்டும். காசு கொடுத்து வரும் ஷாப்பிங் விளம்பரத்துக்கும், 2020 முதல் கூகுள் கட்டணமின்றிக் காட்டிவரும் பொருள் பட்டியலுக்கும் இந்த ஒரே ஃபீட்தான் ஆதாரம்.

கூகுளின் சாதாரண எழுத்து விளம்பரத்தில் எந்தத் தேடல் சொல்லுக்கு விளம்பரம் வர வேண்டும் என்பதைக் கடைக்காரரே குறித்துக் கொடுப்பார். வழக்கமான ஷாப்பிங் விளம்பரத்தில் அந்த வேலை கிடையாது. வேண்டாத சொற்களை விலக்கி வைக்கலாமே தவிர, வேண்டிய சொல்லைக் குறிக்க இடமில்லை. எந்தத் தேடலுக்கு எந்தச் சேலை என்பதை ஃபீடில் உள்ள விவரத்தைப் படித்துத்தான் கூகுள் முடிவு செய்கிறது. அதில் தலைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே தலைப்பை அவசரமாக எழுதிவிட்டு, விளம்பரத்துக்கு மட்டும் தாராளமாகச் செலவழிப்பது வீண்.

நம் கடைக்காரர் தன் தளத்தில் ஒரு சேலைக்கு "Kalyani 17 New Arrival!!" என்று பெயர் வைத்திருக்கிறார். கல்யாணி 17 என்பது கடைக்குள் வழங்கும் பெயர். அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ‘புதுவரவு’ போன்ற விளம்பரச் சொற்களைத் தலைப்பில் சேர்க்கக் கூகுள் அனுமதிப்பதும் இல்லை. வாங்குபவர் எதைத் தட்டச்சு செய்வார்? ஊர்ப்பெயர், சேலை வகை, துணி, நிறம். அதே சொற்களால் எழுதினால் அந்தச் சேலையின் பதிவு இப்படி இருக்கும்:

```xml
<item>
  <g:id>SNG-0417-MRN</g:id>
  <g:item_group_id>SNG-0417</g:item_group_id>
  <g:title>Madurai Sungudi Cotton Saree, Hand-Tied Dots, Maroon, Zari Border</g:title>
  <g:color>Maroon</g:color>
  <g:link>https://example.com/sungudi-0417?color=maroon</g:link>
  <g:price>1450.00 INR</g:price>
  <g:availability>in_stock</g:availability>
</item>
```

படத்தின் முகவரி, விளக்கம் போன்றவற்றை இங்கே இடம் கருதி விட்டிருக்கிறேன். தலைப்புக்கு 150 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் திரையில் பெரும்பாலும் முதல் 70 எழுத்து அளவே தெரியும் என்பதால் முக்கியமானது முன்னால் வர வேண்டும். ‘கையால் முடிச்சிட்டது’ என்ற விவரத்தை உண்மையாக இருந்தால் மட்டுமே போட வேண்டும். சுங்குடி என்ற பெயரில் அச்சிட்ட சேலைகளும் சந்தையில் நிறைய உண்டு. அச்சுச் சேலைக்கு முடிச்சுச் சேலையின் தலைப்பை வைத்தால் ஆள் வருவார், பார்ப்பார், வாங்காமல் போவார். அவர் அழுத்திய அழுத்துக்குக் காசு கடைக்காரர் கணக்கில்தான் கழியும். தலைப்பு சரியாக வேலை செய்கிறதா என்பதை அறிய, விளம்பரக் கணக்கில் உள்ள தேடல் சொற்கள் அறிக்கையைப் பார்க்கலாம். அச்சுச் சேலை, பட்டுச்சேலை என்று தேடியவர்களே அதில் நிறைந்திருந்தால் தலைப்பையும் விளக்கத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது, பலரும் சிக்கித் தவிக்கும் இடம்: விலை. ஃபீடில் சொன்ன விலையும் தளத்தின் பக்கத்தில் காணும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும். கூகுளின் நிரல் அந்தப் பக்கத்துக்கே போய்ச் சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் அந்தப் பொருள் நிராகரிக்கப்படும். பல பொருள்களில் இப்படி நேர்ந்தால் கணக்குக்கே எச்சரிக்கை வரும்.

கடைக்காரர் ஏமாற்ற நினைப்பதே இல்லை, ஆனாலும் விலை மாறுபடுகிறது. எப்படி? நம் சேலையையே பார்ப்போம். ஒரே பக்கத்தில் இரண்டு நிறம் விற்கிறது. பச்சைக்குச் சாதாக் கரை, 1,250 ரூபாய். அரக்குக்கு ஜரிகைக் கரை, 1,450 ரூபாய். ஃபீடில் அரக்குச் சேலைக்கு 1,450 என்று சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் இணைப்பில் நிறத்தைக் குறிக்கும் பகுதியை விட்டுவிட்டார் என்று வையுங்கள். பக்கம் திறந்ததும் முதலில் நிற்பது பச்சைதான். சரிபார்க்க வந்த நிரலுக்கு 1,250 தெரிகிறது, அரக்குச் சேலை நிராகரிக்கப்படுகிறது. கடைக்காரர் பக்கத்தைத் திறந்து அரக்கு நிறத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘விலை சரியாகத்தானே இருக்கிறது’ என்று குழம்புகிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஃபீடில் உள்ள இணைப்பை அப்படியே நகலெடுத்து, உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் ஒட்டித் திறக்க வேண்டும். வேறு எதையும் அழுத்தக் கூடாது. முதலில் கண்ணில் படும் நிறமும் விலையும் எவை என்று பார்க்க வேண்டும். பக்கத்தின் மூல நிரலில் `"price"` என்று தேடி, அங்கே என்ன எண் இருக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. கண்ணுக்கு 1,450 தெரிந்து, உள்ளே 1,250 என்று இருக்கும் பக்கங்கள் உண்டு. அங்கே திருத்த வேண்டியது ஃபீடை அல்ல, தளத்தை.

இன்னொரு காரணம் நேரம். நண்பகலில் தளத்தில் தள்ளுபடி போடுகிறார்கள். ஃபீடைக் கூகுள் எடுப்பது இரவில். இடைப்பட்ட நேரம் முழுவதும் பழைய விலை விளம்பரத்தில் நிற்கும். பக்கத்தில் உள்ள விலையைப் படித்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதி மெர்ச்சன்ட் சென்டரில் இருக்கிறது. அதை இயக்கி வைக்கலாம். ஆனால் அது ஒரு தாங்குதூண் மட்டுமே. விலை மாற்றும் நேரத்தை ஃபீட் எடுக்கும் நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்வதே நல்ல வழி.

கைத்தறிக் கடைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாதிரிச் சேலை ஒன்றுதான் இருக்கும், விற்றால் தீர்ந்தது. உடனே அந்த வரியில் `out_of_stock` என்று மாற்ற வேண்டும். பலர் அதைச் செய்யாமல், தீர்ந்துபோன சேலையின் `id` எண்ணிலேயே புதுச் சேலையின் படத்தையும் தலைப்பையும் ஏற்றிவிடுகிறார்கள். இது தவறு. அந்தப் பொருளின் பழைய வரலாறு முழுவதும் அந்த எண்ணோடுதான் சேர்ந்திருக்கிறது. புதுச் சேலைக்குப் புது எண்தான் தர வேண்டும்.

படத்தைப் பற்றிச் சுருக்கமாக: வாட்ஸ்அப் எண், கடை முத்திரை, ‘100% ஒரிஜினல்’ போன்ற எழுத்துகள் எதுவும் படத்தின் மேல் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் பகிரத் தயாரித்த படத்தையே இங்கும் போடுவதால்தான் நிராகரிப்பு வருகிறது. எழுத்தில்லாத படத்தைப் போடும்போது கோப்புக்கும் புதுப்பெயர் கொடுங்கள். பழைய முகவரியிலேயே மாற்றினால் கூகுள் அதை மறுபடி எடுக்கத் தாமதமாகலாம்.

பார்கோடு எண் கேட்கும் `gtin` கட்டத்தைக் கண்டு தறிக்காரர்கள் தயங்குகிறார்கள். ஆலைப் பொருளுக்கு உற்பத்தியாளர் தந்த எண் இருந்தால் அதையே போட வேண்டும். கையால் செய்த சேலைக்கு அப்படி ஒரு எண்ணே இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடலாம். பிராண்டும் இல்லாத பொருளுக்கு `identifier_exists` என்ற கட்டத்தில் `no` என்று எழுத இடமிருக்கிறது. இன்னொரு பொருளின் பார்கோடை எடுத்து ஒட்டினால் நம் சேலை அந்தப் பொருளோடு சேர்த்துப் பார்க்கப்படும்.

எல்லாம் சரியாக ஏற்றிய பின்னும் சேலைகள் திடீரென்று மறைந்துபோனால் முதலில் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்காத பொருள் 30 நாளில் காலாவதியாகிவிடும். விலையோ இருப்போ மாறாவிட்டாலும் ஃபீடை மறுபடி அனுப்ப வேண்டும். தினமும் ஒரு முறை தானாக எடுத்துக்கொள்ளும்படி நேரம் குறித்துவிட்டால் இந்தக் கவலை தீரும். அதன் பிறகு காலையில் கடை திறந்ததும் மெர்ச்சன்ட் சென்டரில் கவனம் தேவைப்படும் பொருள்களின் பட்டியலை ஒரு முறை பார்த்தால் போதும். எந்தச் சேலை, என்ன காரணம் என்று அங்கேயே எழுதியிருக்கும்.