சாஃப்ட்னர் வாங்கியும் தண்ணி உப்பு கரிக்குதா? போர் தண்ணி வீட்டுக்கு ஒரு நேர்மையான கணக்கு

போன மாசம் என் சித்தி பையன் போன் பண்ணினான். சோழிங்கநல்லூர்ல வாடகை வீடு, கல்யாணமாகி ஆறு மாசம். "அண்ணா, முப்பத்திரெண்டாயிரம் குடுத்து மெஷின் போட்டேன். இன்னும் தண்ணி வாயில வைக்க முடியல. ஏமாத்திட்டாங்களா?"

நேர்ல போய்ப் பார்த்தேன். அவனை யாரும் ஏமாத்தல. மெஷின் அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சுகிட்டிருந்தது. அவனுக்குத் தேவைப்பட்ட வேலை வேற, அவ்வளவுதான்.

போர் தண்ணியில ரெண்டு தனித்தனி பிரச்னை இருக்கு. ஒண்ணு உப்பு, அதாவது நாக்குல கரிக்கிறது. இது பெரும்பாலும் சோடியம், குளோரைடு. இன்னொண்ணு கடினத்தன்மை. சோப்பு நுரைக்காம திரிஞ்சு போறது, குழாயில வெள்ளையா படியறது, பருப்பு வேக மறுக்கறது எல்லாம் இதால. இது கால்சியம், மெக்னீசியம். ஓஎம்ஆர், கிழக்குக் கடற்கரைப் பக்கம் நிறைய வீடுகள்ல ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால நாம ரெண்டையும் ஒரே வார்த்தையில "உப்புத் தண்ணி"ன்னு சொல்லிடறோம். காசு வீணாகறது அங்கதான்.

அவன் வாங்கினது சாஃப்ட்னர். அதுக்குள்ள இருக்கிற ரெசின் மணிகள் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிச்சு வச்சுகிட்டு, அதுக்குப் பதிலா சோடியத்தைத் தண்ணியில விடும். ஒண்ணை எடுத்து இன்னொண்ணைப் போடுது. அதனால கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு குறையாது. டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பார்த்தோம். மெஷினுக்கு முன்னாடி 1,850, பின்னாடியும் கிட்டத்தட்ட அதே. ஆனா பாத்ரூம்ல சோப்பு அருமையா நுரைச்சது. விக்க வந்தவர் காட்டின டெமோவும் நுரைதான். அதைப் பார்த்து இவன் குடிக்கிற தண்ணிக்கும் இதுவே போதும்னு நினைச்சுட்டான். ரத்தக் கொதிப்பு உள்ளவங்க வீட்ல இருந்தா சாஃப்ட்னர் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ வைக்காதீங்க. சோடியம் கூடியிருக்கும்.

1,850ன்னா எவ்வளவு? இந்திய தரநிலைப்படி குடிநீர்ல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். வேற வழியே இல்லன்னா 2,000 வரை அனுமதி. ஆக இவன் வீட்டுத் தண்ணி விளிம்புல நிக்குது. கொதிக்க வச்சாலும் உப்பு போகாது. யுவி, யுஎஃப் ஃபில்டர்களும் கிருமிக்குத்தான். வீட்டு அளவுல உப்பை எடுக்க ஆர்ஓ தவிர வேற நடைமுறை வழி இல்ல. இல்லன்னா கேன்.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். கேனா, ஆர்ஓவா?

ரெண்டு பேருக்கு குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 12 லிட்டர்னு வச்சோம். அரிசி, காய் கழுவறது போர் தண்ணியிலயே. கடைசியா ஒரு அலசலும், வேக வைக்கறதும் மட்டும் நல்ல தண்ணி. மாசம் 360 லிட்டர், அதாவது 18 கேன். அவன் தெருவுல கேன் 40 ரூபா. மாசம் 720, வருஷத்துக்கு 8,640.

ஆர்ஓ மெஷின் அவன் கேட்ட விலை 14,000. முதல் வருஷம் சர்வீஸ் இலவசம்னு வச்சுப்போம். (ஃபில்டர், மெம்பிரேன் அந்த இலவசத்துல வருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பல இடத்துல வராது.) இவ்வளவு உப்புல மெம்பிரேன் சீக்கிரம் அடைக்கும். அதனால ரெண்டாவது வருஷத்துல இருந்து 5,000 ரூபா போட்டேன். ரெண்டு வருஷத்துல மொத்தம் 19,000. அதே காலத்துல கேனுக்கு 17,280. மூணு வருஷம் இருந்தா ஆர்ஓ 24,000, கேன் 25,920. மூணாவது வருஷம்தான் ஆர்ஓ ஜெயிக்குது. பதினொரு மாச அக்ரிமென்ட்ல இருக்கிறவனுக்கு கேன்தான் சரி.

இதே நாலு பேர் வீடுன்னா கணக்கு தலைகீழ். நாளைக்கு 24 லிட்டர், வருஷக் கேன் செலவு 17,280. முதல் வருஷத்துக்குள்ளயே மெஷின் விலை திரும்பிடும். "ஆர்ஓ வாங்கலாமா"ன்னு கேட்கிறவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது ரெண்டு விஷயம்: எத்தனை பேர், எத்தனை வருஷம்.

கேன் வாங்கினா சீல், தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் பாருங்க. அப்பப்போ மீட்டரும் வையுங்க. ஆர்ஓ வாங்கினா உள்ள போற தண்ணி, வெளிய வர்ற தண்ணி ரெண்டையும் மாசம் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்க. புதுசுல 120 காட்டினது 300ஐ தாண்டினா மெம்பிரேன் போச்சுன்னு அவசரப்படாதீங்க. சில மெஷின்ல டிடிஎஸ் அட்ஜஸ்டர்னு ஒரு சின்ன திருகு இருக்கும். அது சுத்தமான தண்ணியில உப்பு எடுக்காத தண்ணியைக் கலந்து விடும். சர்வீஸ் பண்ண வந்தவர் அதைத் திறந்து விட்டுட்டுப் போயிருக்கலாம். அதை மூடச் சொல்லிட்டு மறுபடி அளங்க. அப்பவும் குறையலன்னாதான் மெம்பிரேனுக்குக் காசு.

ஆர்ஓ ஒரு லிட்டர் தர்றதுக்கு ஏறக்குறைய மூணு லிட்டர் கழிவா தள்ளும். 1,850 தண்ணின்னா கழிவு 2,400 பக்கம் வரும். செடிக்கு ஊத்தாதீங்க, கருகிடும். பக்கெட்ல பிடிச்சு டாய்லெட்டுக்கு விடலாம்.

துணி, குளியல், பாத்திரம் இதுக்கெல்லாம் உப்பு பெரிய எதிரி இல்ல, கடினத்தன்மைதான். அதுக்கும் வாடகை வீட்ல பெரிய மெஷின் தேவையில்லை. கடினத் தண்ணி சூடாகும்போதுதான் படிவு அதிகம் கட்டும். அதனால வாஷிங் மெஷினை சாதாரணத் தண்ணியில ஓட்டுங்க, கீசர் சூட்டைக் குறைச்சு வையுங்க. கீசர்ல கொதிக்கிற மாதிரி சத்தம் வந்தா, தண்ணி சூடாக ரொம்ப நேரம் எடுத்தா, உள்ள படிவு கட்டிடுச்சுன்னு அர்த்தம். ஆளைக் கூப்பிட்டு சுத்தம் பண்ணிடுங்க. குழாய், ஷவர் வெள்ளைக்கு சிட்ரிக் ஆசிட் பவுடர் கரைச்சு ஊற வச்சா போதும். தலைக்குக் குளிச்சா கடைசி ஒரு மக் நல்ல தண்ணி. ஷவர்ல மாட்டற சின்ன ஃபில்டர் உப்பையும் எடுக்காது, கடினத்தையும் பெருசா குறைக்காது. அதுக்கு நான் காசு போட மாட்டேன்.

இன்னொண்ணு. டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவை மட்டும்தான் சொல்லும். கிருமியோ நைட்ரேட்டோ ஃப்ளூரைடோ அதுல தெரியாது. போர் தண்ணியை நேரடியா குடிக்கிறதா இருந்தா குடிநீர் வடிகால் வாரிய லேப்ல ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. வீடு பார்க்கப் போகும்போதும் பாக்கெட்ல மீட்டரோட போங்க, முடிஞ்சா மே மாசத்துல. மழை முடிஞ்ச டிசம்பர்ல நல்லா இருக்கிற அதே போர் கோடையில வேற முகம் காட்டும்.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். சாஃப்ட்னரைத் திரும்ப எடுக்க கம்பெனி ஒத்துக்கல. போன காசு போனதுதான், அதுக்காக அந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டியதில்லைன்னு சொன்னேன். முன்னாடி முழு வீட்டுக்கும் ஓடினதால மாசம் ஒரு மூட்டை உப்பு தின்னுச்சு. இப்போ பிளம்பரை வச்சு பாத்ரூம், வாஷிங் மெஷின் லைனுக்கு மட்டும் மாத்திட்டான். ஒரு மூட்டை ரெண்டு மாசத்துக்கு மேல வருது. கிச்சன்ல கேன். வீடு மாறும்போது மெஷினைக் கழட்டி எடுத்துக்கலாம்னு ஓனர்கிட்ட எழுதி வாங்கிட்டான். அக்ரிமென்ட்டை ரெண்டாவது தடவை புதுப்பிக்கிற அன்னைக்கு ஆர்ஓ கணக்கை மறுபடி போடலாம்னு சொல்லியிருக்கேன்.