"ஒத்துக்கொள்ளாது" என்ற ஒரு சொல், நோய்கள் இரண்டு

"எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது", "மகளுக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது" என்று நம் வீடுகளில் ஒரே சொல்லைக் கொண்டே சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை இரண்டும் ஒன்றல்ல. முதலாவது வயிற்றுக்கு வரும் தொல்லை. இரண்டாவது சில வேளை உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வயிற்றின் பிரச்சினை

பாலில் லக்டோஸ் எனும் சர்க்கரை உண்டு. அதனைச் சமிக்கச் செய்யும் நொதியம் சிறுகுடலில் குறைவாக இருந்தால், சமிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள கிருமிகளால் புளிக்கிறது. வயிறு ஊதுதல், காற்றுப் பிரிதல், வயிற்றோட்டம் என்பன இதன் விளைவே. இங்கு அளவுதான் முக்கியம். ஒரு கோப்பைப் பால் குடித்தால் அவதிப்படுபவர், சிறிது பால் சேர்த்த தேநீரைத் தாராளமாகக் குடிப்பார். இதுவே சகிப்பின்மை எனப்படுவது.

ஒவ்வாமை வேறு

ஒவ்வாமையில் தவறு செய்வது வயிறல்ல, உடலின் நோயெதிர்ப்புச் சக்தி. தீங்கற்ற உணவுப் புரதத்தை எதிரியென எண்ணி அதற்கு எதிராக ஒருவகைப் பிறபொருளெதிரிகளைத் தயாரித்து வைக்கிறது. அவை தோல், குடல், சுவாசக்குழாய் ஆகிய இடங்களிலுள்ள மாஸ்ட் கலங்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே உணவு மீண்டும் உள்ளே வரும்போது, அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டிவிடும். இதற்கு மிகச் சிறு அளவே போதும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். எட்டு வயதுச் சிறுமி; நிறை 25 கிலோ. முன்பொருமுறை கஜு சாப்பிட்டபோது உதடு மட்டும் அரித்தது. பெருநாளன்று கஜு போட்ட வட்டிலப்பம் இரண்டு கரண்டி சாப்பிடுகிறாள். ஐந்து நிமிடத்தில் வாய் அரிக்கிறது. பத்து நிமிடத்தில் உடலெங்கும் தடிப்புகள், உதடு வீங்குகிறது, வாந்தியும் எடுக்கிறாள். உம்மா அரிப்புக்கான பாணி மருந்தைக் கொடுக்கிறார். இருபதாவது நிமிடத்தில் இருமலும் இழுப்பும் தொடங்குகின்றன, குரல் கம்முகிறது. பிறகு முகம் வெளிறி, பிள்ளை சோர்ந்து சாய்கிறாள்.

இதுதான் அனபிலக்சிஸ். இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிவதால் இரத்த அழுத்தம் விழுகிறது. தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன. தடிப்பைப் பார்த்தே பலர் இதனை அறிகிறார்கள். ஆனால் தோலில் எதுவுமே தோன்றாமலும் இது வரலாம் என்பதை மறக்கக்கூடாது. ஒவ்வாத உணவு உண்டபின் மூச்சு முட்டினாலோ, குரல் மாறினாலோ, மயக்கம் வந்தாலோ அதுவே போதிய அடையாளம்.

ஏன் அட்ரினலின்?

உம்மா கொடுத்த பாணி மருந்து ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும். அரிப்பும் தடிப்பும் குறையும். ஆனால் வீங்கிய தொண்டையை அது திறக்காது. விழுந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தாது. அது வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரமளவு செல்லும். ஸ்டீரொய்ட் மருந்துக்கோ மணிக்கணக்கில் நேரம் தேவை. தடிப்பு மறைந்ததே என்று ஆறுதலடைந்து காத்திருக்கும் வேளையில்தான் மூச்சு நின்றுவிடுகிறது.

அட்ரினலின் நிமிடக் கணக்கில் வேலை செய்யும். விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, மூச்சுக்குழாய்களை விரிக்கிறது, மாஸ்ட் கலங்கள் மேலும் இரசாயனங்களைக் கொட்டுவதையும் தணிக்கிறது. இத்தனையையும் செய்யும் வேறொரு மருந்து இல்லை.

தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் இது ஏற்றப்படும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. நம் சிறுமிக்கு 0.25 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் உள்ள மருந்தில் கால் மில்லிலீற்றர். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் ஏற்றுவார்கள். ஊசிக்குப் பின் நெஞ்சு படபடத்து, கை நடுங்கலாம். அது சிறிது நேரத்தில் அடங்கும். தானாக ஏற்றும் பேனா ஊசியை டாக்டர் தந்திருந்தால், அவசரத்தில் ஆடைக்கு மேலாகவே ஏற்றலாம். பெண்பிள்ளைகள் விடயத்தில் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால்களை நீட்டி உட்காரவிடுங்கள். எழுப்பி நடத்திச் செல்ல வேண்டாம். திடீரென நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து உயிரே போகலாம். 2016இல் தொடங்கப்பட்ட 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். சில மணி நேரத்தின் பின் தாக்கம் மீண்டும் வரக்கூடும் என்பதால், குணமானாலும் ஆஸ்பத்திரியில் தங்குவது அவசியம்.

நம் சிறுமிக்கு வந்த முதல் எச்சரிக்கை அந்த உதட்டரிப்புத்தான். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஏதும் நேர்ந்திருந்தால், இன்ன உணவு, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். விருந்து வீடுகளில் ஒரே சஹனில் பலர் கைபோட்டு உண்ணும்போதும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிக் கோப்பையில் பரிமாறச் சொல்லுங்கள்.